ஐந்தாண்டு நாற்காலியும் முப்பதாண்டு ஒப்பந்தமும்: அயற்பணி, பக்கவாட்டு நுழைவு, பணியிட மாறுதல் ஓர் அறிமுகம்

புது தில்லியில் ஏதேனும் ஒரு மத்திய அமைச்சகத்தில் இணைச் செயலாளர் என்ற பதவியில் இருப்பவர் அந்த அமைச்சகத்துக்குச் சொந்தமானவர் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. பெரும்பாலும் அப்படி இல்லை. அவர் தமிழ்நாட்டு கேடரையோ ஒடிசா கேடரையோ சேர்ந்த, அதாவது அந்த மாநிலத்துக்கென ஒதுக்கப்பட்ட, ஐ.ஏ.எஸ். அதிகாரியாகவோ, வருவாய்த் துறை அல்லது தணிக்கைத் துறை போன்ற மத்தியப் பணிகளில் ஒன்றைச் சேர்ந்தவராகவோ இருப்பார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் அங்கே அனுப்பப்பட்டிருப்பார். இப்படித் தன் தாய்த்துறையிலோ தாய் மாநிலத்திலோ உள்ள பணியுரிமையை இழக்காமல், வேறோர் அரசிலோ நிறுவனத்திலோ குறித்த காலத்துக்குப் பணியாற்றுவதைத்தான் அயற்பணி என்கிறோம்; பேச்சு வழக்கில் டெபுடேஷன். அரசுப் பணிக்கு வெளியே துறை அனுபவம் பெற்ற ஒருவரை, கீழ்ப் படிகளில் ஏறி வராமலேயே நடு அல்லது உயர் படியில் அமர்த்துவது பக்கவாட்டு நுழைவு. ஒரே பணிக்குள், ஒரே அரசுக்குள் இருக்கையை மட்டும் மாற்றுவது பணியிட மாறுதல்.

ஒரு நாற்காலிக்கு ஆளைக் கொண்டுவரும் இம்மூன்று வழிகளைப் பற்றிய விவாதம், வருபவர் யார் என்பதிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது: பொதுவான நிருவாகியா, துறை வல்லுநரா, உள்ளிருந்து வந்தவரா, வெளியிலிருந்து வந்தவரா? அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு கேள்வி காலத்தைப் பற்றியது. அவர் எவ்வளவு காலம் இருப்பார், போன பிறகு அவர் கற்றது எங்கே போகும் என்பதைப் பார்த்தால்தான் இம்மூன்று முறைகளும் நிபுணத்துவத்தையும் தொடர்ச்சியையும் என்ன செய்கின்றன என்பது விளங்கும்.

அயற்பணியிலிருந்து தொடங்குவோம். மத்திய அரசின் துணைச் செயலாளர், இயக்குநர், இணைச் செயலாளர் ஆகிய பதவிகளை நிரப்புவதற்கு மத்தியப் பணியமர்த்தல் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மாநிலங்களும் மத்தியப் பணிகளை நிருவகிக்கும் துறைகளும் தங்கள் அதிகாரிகளில் விருப்பம் தெரிவித்தவர்களின் பெயர்களை மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறைக்கு அனுப்பும். அந்தப் பட்டியலிலிருந்து அமைச்சகங்களுக்கு ஆட்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். துணைச் செயலாளருக்கு நான்கு ஆண்டுகள், இயக்குநருக்கும் இணைச் செயலாளருக்கும் ஐந்து ஆண்டுகள் என்பது பொதுவான பணிக்காலம். அது முடிந்ததும் அதிகாரி தன் கேடருக்குத் திரும்ப வேண்டும். அங்கே மூன்று ஆண்டுகள் பணியாற்றிய பிறகே மீண்டும் தில்லிக்கு வர விண்ணப்பிக்கலாம்.

இந்த வந்து போகும் ஏற்பாடு வைஸ்ராய் கர்சன் காலத்தில், 1905இல் முறைப்படுத்தப்பட்டது. தலைநகரில் அமர்ந்து கொள்கை எழுதுபவர் மாவட்டத்தில் வேலை பார்த்த அனுபவத்தை மறந்துவிடக் கூடாது, தலைமைச் செயலகம் தனக்கென்று ஒரு மூடிய வர்க்கத்தை உருவாக்கிக்கொள்ளக் கூடாது என்பது அதன் அடிப்படை. அந்த நியாயம் இன்றும் பொய்யாகிவிடவில்லை. ஒரு குடிநீர்த் திட்டத்தின் நிதி எந்தக் கட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தேங்கும் என்பது அங்கே வேலை செய்தவருக்கே தெரியும். அந்த அறிவு அமைச்சகத்துக்குத் தேவை. ஆனால் 1905இன் தலைமைச் செயலகம் கையாண்ட விஷயங்களும் இன்றைய அமைச்சகம் கையாளும் விஷயங்களும் ஒன்றல்ல. மின் பரிமாற்றக் கட்டணம், மருந்துக் காப்புரிமை, அலைக்கற்றை ஏலம், துறைமுக முனையங்களைத் தனியாருக்கு விடுவது என்று இன்று வரும் பொருள்கள் ஒவ்வொன்றும் கற்கவே ஓராண்டுக்கு மேல் பிடிப்பவை.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் கீழுள்ள பெருந்துறைமுகம் ஒன்றில் கண்டெய்னர் முனையத்தைக் கட்டி இயக்கும் உரிமையை ஒரு தனியார் நிறுவனத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு வழங்க வேண்டியிருக்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களில் முப்பது ஆண்டு என்பது வழக்கமான காலம். 2018க்கு முன்பிருந்த முறைப்படி, முனையத்தில் ஈட்டும் வருவாயில் எத்தனை விழுக்காட்டைத் துறைமுகத்துக்குத் தருவோம் என்பதை வைத்தே நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. ஒரு நிறுவனம் 30 விழுக்காடு தருவதாகச் சொல்லி வெற்றி பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்டெய்னரைக் கையாள ஒழுங்குமுறை அமைப்பு நிர்ணயித்த உச்சக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் கப்பல் நிறுவனங்களை ஈர்ப்பதற்காக முனைய நிறுவனம் தள்ளுபடி கொடுத்து 800 ரூபாய் மட்டுமே வாங்குகிறது. துறைமுகத்தின் பங்கு 1,000 ரூபாயின் மேல் கணக்கிடப்பட வேண்டுமா, 800 ரூபாயின் மேலா? முதல் கணக்கில் 300 ரூபாய், இரண்டாவதில் 240. ஆண்டுக்கு ஐந்து லட்சம் கண்டெய்னர்கள் வந்தால் வித்தியாசம் மூன்று கோடி ரூபாய். முப்பது ஆண்டுகளுக்கு எவ்வளவு என்பதை வாசகரே பெருக்கிக்கொள்ளலாம்.

அமைச்சகத்தில் இந்தப் பொருளைக் கையாளும் இயக்குநர் ஒரு மாநில கேடரிலிருந்து அயற்பணியில் வந்தவர். முதல் ஆண்டு முழுவதும் துறைமுக நிதியின் சொற்களையும் பழைய ஒப்பந்தங்களையும் படிப்பதிலேயே கழிகிறது. இரண்டாம் ஆண்டில் அவர் தேறிவிடுகிறார். மூன்றாம் ஆண்டில் ஒப்பந்த வரைவு தயாராகும்போது, தள்ளுபடியைக் காரணம் காட்டி அரசின் பங்கைக் குறைக்க இடம் தரக் கூடாது என்று முடிவு செய்து, உச்சக் கட்டணத்தின் மீதே பங்கு கணக்கிடப்படும் என்ற பொருளில் ஒரு விதியைச் சேர்க்கிறார். சட்ட அமைச்சகமும் நிதி அமைச்சகமும் எழுப்பிய ஐயங்களை இரண்டு கூட்டங்களில் பேசித் தீர்க்கிறார். ஐந்தாம் ஆண்டு முடிவில் தன் மாநிலத்துக்குத் திரும்பி வேளாண் துறையில் ஒரு பொறுப்பை ஏற்கிறார். இதில் யார் மீதும் குற்றம் சொல்ல எதுவும் இல்லை; எல்லாம் விதிப்படியே நடந்திருக்கிறது.

எட்டாம் ஆண்டில் முனைய நிறுவனம், சந்தை மாறிவிட்டது, தள்ளுபடி கொடுக்காமல் ஒரு கப்பலும் வராது, எனவே விதியை உண்மையில் வசூலான தொகை என்றே பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. இப்போது நாற்காலியில் இருப்பவர் வேறொருவர். அவருக்கு மேலிருக்கும் இணைச் செயலாளரும் மாறியிருப்பார். இருவரும் கோப்பைப் புரட்டுகிறார்கள். கோப்பின் கடிதப் பகுதியில் வரைவுகள் எல்லாம் இருக்கின்றன. குறிப்புப் பகுதியில், அந்த விதி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று இருக்க வேண்டிய இடத்தில், "கலந்து பேசியபடி திருத்திய வரைவு வைக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரியும் அதன் கீழே மூன்று கையொப்பங்களும் மட்டுமே உள்ளன. என்ன பேசினார்கள்? தள்ளுபடி பற்றிய ஐயம் அப்போதே எழுந்து, நிறுவனத்துக்கும் விளக்கப்பட்டு, அது ஏற்றுக்கொண்டதா? இதற்கு விடை தெரிந்தவர் எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உர விநியோகத்தைப் பற்றிய கூட்டத்தில் இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். நல்ல அதிகாரிகள் கேட்கவும் செய்கிறார்கள். ஆனால் நினைவிலிருந்து சொல்லும் பதிலைத் தீர்ப்பாயத்தின் முன் ஆவணமாக வைக்க முடியாது.

கற்பனை வழக்கு என்றாலும் கரு நடைமுறையிலிருந்து வந்ததுதான். பெருந்துறைமுகங்களுக்கான 2008ஆம் ஆண்டு மாதிரி ஒப்பந்தத்தில் வருவாய்ப் பங்கு சார்ந்த முறை இருந்தது. அது தொடர்ந்து சச்சரவுகளுக்கு இடமளித்ததால், 2018இல் திருத்தப்பட்ட மாதிரியில் கையாளும் சரக்கின் டன்னுக்கோ கண்டெய்னருக்கோ இவ்வளவு என்று உரிமைத்தொகை செலுத்தும் முறை கொண்டுவரப்பட்டது. பத்தாண்டு அனுபவத்திலிருந்து கிடைத்த பாடம் அது. அந்தப் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே நாற்காலியிலிருந்து கற்ற அதிகாரி எவரும் இருந்திருக்க முடியாது. ஐந்தாண்டுக் காலவரம்பே அதற்கு இடம் தராது.

அந்த அதிகாரி கற்ற அறிவு என்னவாகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. மூன்று ஆண்டு மாநிலப் பணிக்குப் பிறகு அவர் மீண்டும் தில்லிக்கு வரும்போது, துறைமுக அமைச்சகத்திலோ அதற்கு நெருங்கிய ஒன்றிலோ அமர்த்தப்படுவார் என்பதற்கு உறுதி இல்லை. முன் அனுபவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று வழிகாட்டுதல் சொன்னாலும், அந்த நேரத்தில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதே பல நேரங்களில் முடிவு செய்கிறது. மக்கள் வரிப்பணத்தில் ஐந்தாண்டுகள் பயின்ற ஒருவர் ஜவுளித் துறையில் மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்குவார். 2008இல் வெளிவந்த இரண்டாம் நிருவாகச் சீர்திருத்த ஆணையத்தின் பத்தாவது அறிக்கை, அதிகாரிகளுக்குப் பணிக்காலத்தின் நடுப்பகுதியிலேயே துறைகளைப் பிரித்து ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு முதலாம் ஆணையமும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தது. ஒரே பரிந்துரை இரண்டு முறை வந்திருப்பதே அதன் கதியைச் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் அமைச்சகத்தின் நினைவு எங்கே தங்குகிறது? விடை சற்றுக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பிரிவு உண்டு. அங்கே உதவிப் பிரிவு அலுவலர்களும் பிரிவு அலுவலரும் இருப்பார்கள். மேலே இயக்குநர்கள் வந்து போக, கோப்பை முதலில் எழுதுபவர்கள் இவர்களே. இவர்கள் மத்தியச் செயலகப் பணி என்ற தனிப் பணியைச் சேர்ந்தவர்கள். தில்லியை விட்டு நகர்வது அரிது. அமைச்சகத்துக்கு அமைச்சகம் சுழற்சி முறை மாறுதல் இவர்களுக்கும் உண்டென்றாலும், "இதே கேள்வி ஏழு ஆண்டுகளுக்கு முன்னும் வந்தது, அந்தக் கோப்பு பதிவறையில் இருக்கிறது" என்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் இங்கேதான் இருப்பார். புதிதாக வரும் இயக்குநர் புத்திசாலியாக இருந்தால் முதல் வாரத்திலேயே பிரிவு அலுவலருடன் அமர்ந்துவிடுவார். ஆனால் பிரிவின் நினைவுக்கும் ஓர் எல்லை உண்டு. என்ன நடந்தது, எந்த விதியின் கீழ் நடந்தது என்பதை அது வைத்திருக்கும். மேல் மட்டக் கூட்டத்தில் ஏன் அப்படி முடிவானது என்பது, யாரேனும் எழுதி வைத்தாலொழிய, கீழே இறங்கி வருவதில்லை.

அயற்பணியின் இன்னொரு சிக்கல் போதுமான ஆட்கள் வருவதில்லை என்பது. ஒவ்வொரு மாநிலத்தின் முதுநிலைப் பதவிகளில் 40 விழுக்காடு அளவுக்கு மத்திய அயற்பணிக்கென இருப்பு வைக்கப்பட்டுள்ளது. ஆனால் மாநிலங்கள் அந்த அளவுக்கு அதிகாரிகளை விடுவிப்பதில்லை; தங்களுக்கே ஆள் பற்றாக்குறை என்பது அவற்றின் பதில், அதில் உண்மையும் இருக்கிறது. இந்த இருப்பின் கீழ் மத்தியில் பணியாற்றும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் எண்ணிக்கை 2011இல் 309ஆக இருந்து 223ஆகக் குறைந்துவிட்டதாகச் சுட்டிக்காட்டிய மத்திய அரசு, 2022 ஜனவரியில் ஐ.ஏ.எஸ். கேடர் விதிகளின் ஆறாம் விதியைத் திருத்தி, மாநிலத்தின் இசைவு குறித்த காலத்தில் கிடைக்காவிட்டாலும் அதிகாரியை அழைத்துக்கொள்ள வழி செய்ய முன்மொழிந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்கள் இது கூட்டாட்சிக்கு எதிரானது என்று கடுமையாக எதிர்த்தன. ஓர் அதிகாரி யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்ற கேள்வி அயற்பணி முழுவதிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களில், ஆணையம் எந்த மின் நிறுவனத்தைக் கண்காணிக்க வேண்டுமோ அதே நிறுவனத்திலிருந்து அயற்பணியில் வந்த பொறியாளர்கள் கட்டணக் கணக்கைச் சரிபார்க்கும் நிலை இருப்பதும் இதன் இன்னொரு முகம். அவர்களுக்குத் துறை நன்றாகத் தெரியும். ஆனால் சில ஆண்டுகளில் திரும்பிப் போக வேண்டிய இடமும் அதுவே.

இந்தப் பற்றாக்குறையையும் துறை அறிவின் குறையையும் ஒருங்கே தீர்க்கும் வழியாகத்தான் பக்கவாட்டு நுழைவு முன்வைக்கப்பட்டது. இது 2018இல் பிறந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். மன்மோகன் சிங் 1971இல் வணிக அமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகராக அரசுக்குள் வந்தார், ஆர்.வி. ஷாஹி மின் துறை அனுபவத்தோடு வெளியிலிருந்து வந்து 2002 முதல் 2007 வரை மின் துறைச் செயலாளராக இருந்தார், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அவருடைய காலத்தில்தான் நிறைவேறியது. 2018இல் புதிதாக நேர்ந்தது, இணைச் செயலாளர் நிலையில் பத்து இடங்களுக்குப் பகிரங்க விளம்பரம் கொடுத்து விண்ணப்பம் கோரியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 2024 ஆகஸ்டு வரை இவ்வழியில் 63 பேர் நியமிக்கப்பட்டிருந்தார்கள். அந்த மாதம் யு.பி.எஸ்.சி. மேலும் 45 இடங்களுக்கு விளம்பரம் செய்து, இட ஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. ஒவ்வோர் இடமும் தனித்தன்மை கொண்ட ஒற்றைப் பதவி என்பதால் ஒதுக்கீடு பொருந்தாது என்பது அதுவரை அரசின் நிலைப்பாடு. தனித்தனியே பார்த்தால் அது சட்டப்படி பொருந்தலாம். 45 ஒற்றைப் பதவிகளை ஒரே விளம்பரத்தில் பார்க்கும் எவருக்கும் அது ஏற்கும்படி இருக்காது.

நம் கேள்விக்குத் திரும்பினால், இந்த நியமனம் மூன்று ஆண்டு ஒப்பந்தம். செயல்பாட்டைப் பொறுத்து ஐந்து ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். மாநில அரசிலிருந்தோ பொதுத்துறை நிறுவனத்திலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ வருபவர்கள் அயற்பணி அடிப்படையிலும், தனியார் துறையிலிருந்து வருபவர்கள் ஒப்பந்த அடிப்படையிலும் அமர்த்தப்படுகிறார்கள். எனவே பக்கவாட்டு நுழைவும் அயற்பணியும் சட்டப்படி முற்றிலும் வேறான இரண்டு பெட்டிகள் இல்லை. காலக்கணக்கு மட்டும் இன்னும் குறுகுகிறது.

அயற்பணி அதிகாரிக்குக் கோப்பு தெரியும், பொருள் தெரியாது. பக்கவாட்டில் வருபவருக்குப் பொருள் தெரியும், கோப்பு தெரியாது. நம் துறைமுக வழக்கில், கப்பல் போக்குவரத்தில் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்த ஒருவர் இயக்குநராக இருந்திருந்தால், தள்ளுபடிச் சிக்கலை முதல் மாதத்திலேயே கண்டுகொண்டு, வருவாய்ப் பங்குக்குப் பதில் கண்டெய்னருக்கு இவ்வளவு என்ற முறையைப் பரிந்துரைத்திருக்கக்கூடும். ஆனால் அந்தப் பரிந்துரையை அமைச்சரவைக் குறிப்பாக்குவது, நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை எழுப்பும் கேள்விக்கு எந்தத் தொனியில் பதில் எழுதுவது, தணிக்கைத் துறை நாளை என்ன கேட்கும் என்று முன்கூட்டியே பார்த்து இன்று கோப்பில் எதைப் பதிவது, நாடாளுமன்றக் கேள்விக்கு ஒரே நாளில் விடை தயாரிப்பது என்பவற்றையெல்லாம் அவர் அப்போதுதான் கற்கத் தொடங்குவார். அதற்கும் ஓராண்டு பிடிக்கும். மூன்று ஆண்டில் ஓராண்டு கற்பது, கடைசி ஆறு மாதம் அடுத்த வேலையைத் தேடுவது என்று போனால், நிகரமாகக் கிடைப்பது ஒன்றரை ஆண்டு.

போகும் இடமும் வேறு. அயற்பணி முடிந்தவர் வேளாண் துறைக்குப் போனாலும் அரசுக்குள்ளேயே இருக்கிறார். என்றாவது அழைத்துக் கேட்கலாம். ஒப்பந்தம் முடிந்தவர், ஒழுங்குமுறை ரகசியங்கள் அனைத்தும் அறிந்தவராக, அதே துறையின் தனியார் நிறுவனத்துக்குத் திரும்பக்கூடும். இதனால் பக்கவாட்டு நுழைவே தவறு என்று முடிவு கட்டத் தேவையில்லை. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எந்த வேலையைத் தர வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை. ஒரு சட்டத்தை வரைவது, ஒரு கட்டண முறையை வடிவமைப்பது போல் தொடக்கமும் முடிவும் உள்ள பணிக்கு அது பொருந்தும். ஒப்பந்தங்களை ஆண்டுக்கணக்கில் நிருவகிக்கும் நாற்காலிக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

மாநில அளவில் தொடர்ச்சியை அறுப்பது பெரும்பாலும் பணியிட மாறுதல்தான். அயற்பணிக்கும் ஒப்பந்தத்துக்கும் முடியும் நாள் முன்கூட்டியே தெரியும். மாறுதல் உத்தரவு எந்த மாலையிலும் வரலாம். லட்சுமி ஐயர், ஆனந்தி மணி என்ற பொருளியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒரு பதவியில் இருக்கும் சராசரிக் காலம் சுமார் 16 மாதங்கள் என்று கண்டார்கள். முதலமைச்சர் மாறும்போது மாறுதலுக்கான வாய்ப்பு கூடுவதையும் காட்டினார்கள். பதினாறு மாதம் என்பது ஒரே ஒரு நிதிநிலை அறிக்கைச் சுற்றைத்தான் முழுதாகப் பார்க்க விடும். சென்ற ஆண்டு தான் கேட்டு வாங்கிய நிதி இந்த ஆண்டு எப்படிச் செலவானது என்று பார்க்கும் முன்பே அதிகாரி வேறு மாவட்டத்தில் இருப்பார். இதில் ஒரு நுட்பமான விளைவும் உண்டு: சீக்கிரம் போய்விடுவோம் என்று அறிந்தவர், தன் காலத்துக்குள் திறப்பு விழா நடத்தக்கூடிய வேலைகளையே தேர்ந்தெடுப்பார். வரத்துக் கால்வாய்களின் நில ஆவணங்களைச் சரிசெய்வது போன்ற, நான்கு ஆண்டுக்குப் பிறகே பலன் தெரியும் வேலைக்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 31 அன்று முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், குறைந்தபட்சப் பணிக்காலத்தை உறுதி செய்ய வேண்டும், மாறுதல்களைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணி வாரியம் அமைக்க வேண்டும், வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்று ஆணையிட்டது. அதைத் தொடர்ந்து 2014 ஜனவரியில் ஐ.ஏ.எஸ். கேடர் விதிகள் திருத்தப்பட்டு, கேடர் பதவிகளில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் என்றானது. அதற்கு முன் மாற்ற வேண்டுமானால் தலைமைச் செயலாளர் தலைமையிலான வாரியம் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் உரிய அதிகாரம் கொண்டவர், காரணத்தை எழுதிவைத்து, அந்தப் பரிந்துரையை ஏற்காமலும் விடலாம். வாசல் அடைக்கப்பட்டது, பக்கத்தில் ஜன்னல் திறந்தே இருக்கிறது. எனினும் காரணம் எழுதப்பட வேண்டும் என்பது சிறிய விஷயமில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கக்கூடிய ஒரு தாள் அங்கே உருவாகிறது.

மாறுதலே கூடாது என்றும் சொல்ல முடியாது. கொள்முதல், உரிமம் வழங்கல் போன்ற இடங்களில் ஒருவர் நீண்ட காலம் இருந்தால் ஒப்பந்ததாரர்களோடு உறவு இறுகிவிடும் என்பதால், இத்தகைய இடங்களில் இருப்பவர்களை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழற்றும்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே அறிவுறுத்துகிறது. தேர்தலுக்கு முன் சொந்த மாவட்டத்தில் இருப்பவர்களையும் நீண்ட காலம் ஒரே மாவட்டத்தில் இருப்பவர்களையும் மாற்றுவதும் இதே எண்ணத்தில்தான். திட்டமிட்ட சுழற்சியையும் தண்டனை மாறுதலையும் வேறுபடுத்திப் பார்ப்பது கடினமில்லை. சுழற்சியில் பலர் ஒரே நாளில், ஒரே விதியின் கீழ், பணிக்காலம் முடிந்து நகர்வார்கள்; அடுத்து வருபவரின் பெயரும் அதே உத்தரவில் இருக்கும். ஒருவர் மட்டும், காலம் முடியாமல், பொறுப்பை ஏற்க ஆள் குறிக்கப்படாமல், அடுத்த இடம் சொல்லப்படாத காத்திருப்புப் பட்டியலுக்கு அனுப்பப்பட்டால் அது சுழற்சி இல்லை.

ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தும் அறிவு தங்கிய இடம் உண்டா என்று கேட்டால், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைக் காட்டலாம். 1994இல் தொடங்கப்பட்ட இதன் மேலாண்மை இயக்குநர் நாற்காலியிலும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் வந்து போகிறார்கள். ஆனால் மருந்துக் கொள்முதல் முறை அவர்களோடு போய்விடவில்லை. தொழில்நுட்பத் தகுதிக்கும் விலைக்கும் தனித்தனி உறைகள், கிடங்குக்கு வந்த மருந்தின் மாதிரியை உற்பத்தியாளர் பெயர் தெரியாதபடி குறியீடு இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அதற்கான மதிப்புக்குள் தேவையான மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளச் செய்வது என்று முடிவுகள் எல்லாம் நடைமுறையாக எழுதப்பட்டுவிட்டன. புதிய இயக்குநர் முதல் நாளன்று எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாற்ற நினைத்தால், எதை மாற்றுகிறோம் என்பது கண்முன் இருக்கும். பிற மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைக்க முடிந்ததற்கும் அதுவே காரணம்.

ஆனால் இந்த வழி எல்லாவற்றுக்கும் உதவாது. மருந்துக் கொள்முதல் ஆண்டுதோறும் திரும்ப வரும் வேலை. ஒருமுறை தவறினால் அடுத்த டெண்டரில் திருத்தலாம், திருத்தம் நடைமுறையில் சேர்ந்துவிடும். முப்பதாண்டு ஒப்பந்தத்தின் ஒரு விதி ஒரே ஒருமுறை எழுதப்படுகிறது. அங்கே நடைமுறைக் கையேடு உதவாது. எழுதியவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது விட்டுச்செல்லும் குறிப்பே உதவும். இன்றைய ஒப்படைப்புக் குறிப்புகள் பெரும்பாலும் நிலுவைக் கோப்புகளின் பட்டியலாகவும், நீதிமன்ற வழக்குகளின் தேதிகளாகவும், அலுவலகக் காரின் சாவியாகவும் முடிந்துவிடுகின்றன. அவற்றோடு, கடந்த ஐந்தாண்டில் எடுத்த முடிவுகளில் பின்னாளில் சச்சரவுக்கு வரக்கூடியவை எவை, அவற்றில் கைவிடப்பட்ட மாற்று வழிகள் என்னென்ன, ஏன் கைவிடப்பட்டன, கூட்டத்தில் யார் எதை ஆட்சேபித்தார்கள் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி, அந்தந்தக் கோப்பின் குறிப்புப் பகுதியிலேயே சேர்த்துவிட்டால், நம் வழக்கில் எட்டாம் ஆண்டில் தீர்ப்பாயத்தின் முன் நிற்கும் இயக்குநருக்கு "கலந்து பேசியபடி" என்ற வரிக்குப் பதிலாக ஒரு சான்று கையில் இருக்கும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பணி விடுவிப்பு உத்தரவை அந்தக் குறிப்பு வந்து சேர்ந்த பிறகே வழங்குவது என்ற ஓர் அலுவலக ஆணை போதும்.